ஞாபகமில்லை என்று நான் சொன்ன நாள்

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தைப் பேனையால் எழுதுகிறேன். போனில் தமிழ் அடிக்க எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளவத்தையில் என் வயதுக்காரர்களுக்குள் என்னைப்போல் வேகமாக அடிக்க ஆளில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிவது உனக்குத் தெரியும். ஆனால் போனில் ஒன்றை எழுதி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று அழித்தால் அழித்த அடையாளமே இருக்காது. பேனையென்றால் வெட்டினது தெரியும். நான் எங்கெங்கே வெட்டியிருக்கிறேன் என்று நீ பார்க்கவேண்டும். மேலே கூட முதலில் "கொழும்பிலேயே ஆளில்லை" என்றுதான் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டு வெள்ளவத்தை என்று போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கலியாணத்துக்குப் பிறகு இருக்கப்போகும் கிருலப்பனை வீட்டுக்குப் பெயின்ட் பார்த்துவிட்டு இங்கே சாப்பிட வந்தாய். அம்மா கலியாண அழைப்புப் பெயர்களின் லிஸ்டை மேசையில் விரித்தாள். அதில் நீ ஒரு பெயரை வெட்டினாய், நான் ஒரு பெயரைக் கூட்டினேன். நீ வெட்டியது சுதனை. பல்கலைக்கழகத்திலிருந்து உன் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவன், உன் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டியவன். நான் கூட்டியது "சேவியர், கொட்டாஞ்சேனை" என்று. "ஆரப்பா இது?" என்று நீ கேட்டாய். "பழைய சினேகிதன்" என்று சொல்லிவிட்டு, ஃபேன் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்க, ஃபேனைப் போடுகிறவன் மாதிரி எழும்பிப் போனேன். உன் கேள்விக்கு ஒழுங்கான பதில்தான் இந்தக் கடிதம். ஒளித்து வாசிக்கத் தேவையில்லை. அம்மாவுக்கும் காட்டு, உன் மாமன் சித்தப்பன்மாருக்கும் காட்டு. நான் பொய்யை எல்லாருக்கும் முன்னால் சொன்னவன். உண்மையை மட்டும் மூலைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்வது சரியாகாது.

எந்தப் பொய் என்று உனக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. நான் சொன்னவை அத்தனை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல் கப்டன்மாருக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுத்தேன் என்றது பொய்தான், ஆனால் அதை ஒருவரும் நம்பவில்லை, நீயும் நம்பவில்லை, சிரித்தோம், முடிந்தது. எல்லாரும் நம்பிய கதை ஒன்று இருக்கிறது. மீட்டிங் கதை. உன் பிறந்தநாளுக்குச் சொன்னேன், தீபாவளிக்குச் சொன்னேன், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றப் போகும் வான் வண்டிக்குள் சொன்னேன். கொம்பனியில் கொன்டெய்னர் ஒன்று கப்பலைத் தவறவிட்டது. முழுப் பழியையும் என் தலையில் போடப் பார்த்தார்கள். நான் மேசையில் ஓங்கி அடித்தேன், ஆறு தேத்தண்ணிக் கோப்பையும் ஒரேயடியாகத் துள்ளி விழுந்தன, மனேஜரின் வெள்ளைச் சேட்டு முழுக்கத் தேத்தண்ணி, அவர் கைகூப்பி "மன்னிச்சிடுங்கோ" என்றார். நீ சின்னவனாக இருந்தபோது அந்த இடம் வந்தால் மேசையில் நீயே அடித்துக் காட்டுவாய். அம்மா ஒருமுறை கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்கு நீ வெட்டின பெயருக்குக் காரணம் சொன்னாய். தேங்காய்ப்பால் சொதிக்குள் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டு, ஒரு சத்தமும் போடாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாய். எனக்கு விளங்கினபடி அதை இங்கே எழுதுகிறேன். பிழையிருந்தால் நீ பக்கத்தில் திருத்து.

உங்கள் கொம்பனி மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்துகொடுக்கிறது. வெளியே விடுமுன் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது உன் வேலை. புதிதாகச் செய்ததில், வாங்கின மருந்தைத் திருப்பிக் கொடுக்கும் பகுதி இருக்கிறதே, அதை நீ முழுக்கப் பார்த்து முடிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று வியாழக்கிழமை குழுவுக்கு எழுதினாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேஜர் உன் மேசைக்கு வந்து, "ஆர் மருந்தைத் திருப்பிக் கொண்டுவாறான்? அதை விடு, இண்டைக்கு வெளியில விடுவம், கடைக்காரனுக்கு வாக்குக் குடுத்திட்டம்" என்றார். பக்கத்துக் கதிரையில், உன்னோடு அங்கேயே வேலை செய்கிற சுதன் இருந்தான். விட்டார்கள். சனிக்கிழமை காலை முதலாவது கடையில் முதலாவது ஆள் மருந்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். முழுக் கடைகளிலும் பில் நின்றுவிட்டது. நோயாளிகள் வாசலில் நிற்க, கடைக்காரர்கள் துண்டுக் கடதாசியில் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். ஏழு பேர், அவர்களுக்கு மேலே ஒரு டிரெக்டர். மனேஜர் சுவரில் படம் போட்டுக் காட்டினார். ஒரு வரி: காரணம், பரிசோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. அதற்குக் கீழே உன் பெயர். உன் பெயர் மட்டும். மற்றவர்கள் எல்லாரும் அந்த வரியைப் பார்த்தார்கள், பிறகு உன்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள் என்று சொன்னாய். அந்தப் போன் பார்க்கும் இடத்தை நீ சொன்னபோது எடுத்த இடியப்பத்தைத் திருப்பிச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். எங்கள் காலத்தில் கையில் போன் இல்லை. நாங்கள் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தோம்.

நான் அவசரப்பட்டு, "அப்ப மேசையில ஒரு அடி குடுத்தியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இல்லையப்பா. அடிச்சிருந்தா அண்டைக்கு முழுக்க என்ட அடியப் பற்றித்தான் கதைச்சிருப்பாங்கள். பில் நிண்டதப் பற்றி ஒருத்தரும் கதைச்சிருக்க மாட்டாங்கள்" என்றாய்.

நீ செய்தது இது. அவர் கதைத்து முடிக்கும்வரை குறுக்கே வாய் திறக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் அவர் சொன்னது பிழை என்று தெரிந்தும், கடதாசியில் குறித்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். அவர் முடித்ததும், "எனக்கு அஞ்சு நிமிஷம் தருவீங்களா? நடந்ததை நேர வரிசையில எழுதிக் கொண்டுவந்திருக்கிறன்" என்று டிரெக்டரைப் பார்த்துக் கேட்டாய். ஒரே ஒரு பக்கம். எல்லாருக்கும் ஒரு பிரதி. முதல் வரியிலேயே உன் பிழையை நீ போட்டிருந்தாய். பார்த்து முடித்ததற்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்று நிறம் போடும் பட்டியலில், முடிக்காத பகுதியைச் சிவப்பாகவே விடாமல், பச்சை போட்டு, பக்கத்துக் கட்டத்தில் "திருப்பிக் கொடுப்பது மீதி" என்று குறிப்பு மட்டும் எழுதினாய். அந்த நிறத்தை மட்டும் பார்க்கிறவன் முடிந்தது என்றுதான் நினைப்பான். "அது என்ட பிழை. அதை நான் இல்லை எண்டு சொல்லேல்ல" என்றாய். அதற்குப் பிறகு வியாழக்கிழமை நீ எழுதியது, எத்தனை மணிக்கு எழுதினாய், எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரம். "வெளியில விடுறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது என்ட வேலை இல்லை. அந்த முடிவு எப்பிடி எடுத்தது எண்டதும் இந்த ரிப்போர்ட்டில வரவேணும். இல்லாட்டி அடுத்த தரமும் இப்பிடித்தான் நடக்கும்." மனேஜர் பொய் சொல்கிறார் என்று நீ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மனேஜரின் பெயரையே சொல்லவில்லை.

மனேஜர், "நான் அப்பிடி விடச் சொல்லேல்ல, நீர்தான் பச்சை போட்டிருந்தீர்" என்றார். நீ சுதனைப் பார்த்தாய். "நீயும் பக்கத்தில இருந்தனி தானே மச்சான். வெள்ளிக்கிழமை என்ன கதைச்சது எண்டு சொல்லுறியா?" சுதன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தான், மூடினான். "எனக்குச் சரியா ஞாபகமில்லை" என்றான்.

அதற்கும் நீ குரலை உயர்த்தவில்லை. "சரி. அவருக்கு ஞாபகமில்லை எண்டா இல்லை. நான் சொன்னதையும், மனேஜர் இல்லை எண்டதையும், அவர் ஞாபகமில்லை எண்டதையும், மூண்டையும் அப்பிடியே குறிப்பில போடுங்கோ" என்று, மீட்டிங்கில் பேசுவதை எழுதிக்கொண்டிருந்த பெண்பிள்ளையிடம் சொன்னாய். மீட்டிங் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள், அங்கே நீ சொன்னதையே ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாருக்கும் மெயிலில் அனுப்பினாய். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. காரணம் என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. முடிக்காத பரிசோதனையோடு வெளியிட எடுத்த முடிவு என்று இருந்தது. உன் பச்சைக் கட்டமும் இரண்டாவது வரியில் இருந்தது. முழு வெற்றி இல்லை. உனக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஆனால் உன் பெயர் உன்னிடமே இருக்கிறது.

அம்மா கேட்டாள், "அந்த மனேஜரில உனக்குக் கோவம் வரேல்லையா?" நீ சொன்னாய்: "அவர் தன்ட கதிரையைக் காப்பாத்தினவர். அது விளங்குது. எனக்கு விளங்காதது சுதன். அவனிட்ட நான் கேட்டது ஒரு வசனம். தெரிஞ்சுகொண்டு ஞாபகமில்லை எண்டு சொல்லிப்போட்டு, பிறகு ஒருத்தன் எப்பிடிச் சோறு தின்னுறான்?"

கோப்பையில் எனக்கு முன்னால் இடியப்பம் இருந்தது. எப்படித் தின்கிறான் என்று எனக்குத் தெரியும், மகன். நன்றாகவே தின்கிறான். இருபத்தெட்டு வருடமாகத் தின்கிறேன்.

இனி உண்மைக் கதை. அந்த மேசையில் அடித்தவன் ஒருவனும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பை ஒன்றும் விழவில்லை. பழி என் தலையில் வரவும் இல்லை. அது வந்தது சேவியரின் தலையில்.

கொட்டாஞ்சேனையில் நானும் சேவியரும் வேலை செய்த கந்தோரில், ஏற்றுமதிச் சரக்கை உரியவர்களுக்காகத் துறைமுகத்துக்குள் அனுப்பிக் கப்பலில் சேர்ப்பது தொழில். நான் வாஃப் கிளார்க். அதாவது கால் கிளார்க். துறைமுக வாசல், கொன்டெய்னர் யார்ட், சுங்கம் என்று ஓடித் திரிகிறவன். சேவியர் கைக் கிளார்க், மேசையில் இருந்து கடதாசி அடிக்கிறவன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன், நான் ஒரு கதை சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிட்டு மீதிக்குச் சிரிக்கிறவன். "மச்சான், உன்ட கதைக்கு நான் டிஸ்கவுண்ட் போட்டுத்தான் கேக்கிறது" என்பான். எனக்கு அவனைவிட நெருங்கின ஆள் அந்தக் காலத்தில் இல்லை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு கொன்டெய்னருக்கும், நாங்கள் பெட்டி என்போம், கதவில் ஒரு இலக்கம் இருக்கும், நான்கு எழுத்தும் ஏழு எண்ணும். நான் யார்ட்டுக்குப் போய், கதவுக்கு முன்னால் நின்று, அந்த இலக்கத்தையும் சீல் இலக்கத்தையும் பார்த்துப் போனில் வாசிக்கவேண்டும். சேவியர் கேட்டு எழுதி, எனக்குத் திருப்பி வாசித்து, பிறகு சுங்கக் கடதாசியில் அடிப்பான். துறைமுக வாசலில் நிற்கிறவன் கடதாசியையும் கதவையும் ஒன்றாகப் பார்ப்பான். ஒரு எண் பிழைத்தாலும் லொறி திரும்பவேண்டியதுதான். கடதாசியைத் திருத்தச் சுங்கத்துக்குப் போய் வரவேண்டும். அதற்குள் கப்பல் பாரம் எடுப்பதை மூடிவிட்டால் சரக்கு அடுத்த கப்பலுக்குத்தான்.

அன்றைக்குத் தேயிலைக் கொன்டெய்னர் இரண்டு. முதலாவதை நேரில் போய்ப் பார்த்து வாசித்தேன். இரண்டாவது வந்த நேரம் நான் யார்ட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் ஒரு கதையின் நடுவில் இருந்தேன். எந்தக் கதை என்றுகூட ஞாபகம் இருக்கிறது. பொரளைச் சந்தியில் ஒரு பொலிஸ்காரனுக்கு நான் சட்டம் படிப்பித்த கதை. (அப்படி ஒன்று நடக்கவில்லை.) ஏழெட்டு டிரைவர்மார் சுற்றி இருந்தார்கள். சிரிப்பு வரப்போகும் இடம். அந்த நேரத்தில் கதையை விட்டு எழும்பி, வெயிலில் அந்தப் பக்கம் நடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்த டிரைவரே கடைக்குள் வந்து இலக்கம் எழுதின துண்டைத் தந்தான். நான் கடைப் போனில் அதை வாசித்தேன்.

சேவியர் எழுதிவிட்டுத் திருப்பி வாசித்தான். பிறகு கேட்டான்: "பெட்டிக்கு முன்னால நிண்டுதானே சொல்றாய்? சத்தம் வேற மாதிரிக் கேக்குது."

"ஓம் ஓம், கதவில கை வச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்றேன். டிரைவர்மார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் துண்டு அந்த டிரைவர் காலையில் ஓடின வேறு பெட்டியின் துண்டு. இரண்டும் ஒரே சேட்டுப் பொக்கற்றில் இருந்திருக்கின்றன. வாசலில் லொறியைத் திருப்பினார்கள். நான் ஓடினேன், உண்மையாகவே ஓடினேன். திருத்தி எடுத்து வருமுன் கப்பல் மூடிவிட்டது. தேயிலைக்காரர் அந்த மாதத்தோடு எங்களை விட்டு வேறு கந்தோருக்குப் போனார். எங்கள் கந்தோரின் ஆகப் பெரிய வாடிக்கையாளர் அவர்.

அடுத்த திங்கட்கிழமை மனேஜரின் அறையில் மீட்டிங். பெரிய மேசை, ஆறு பேர். மனேஜர் பிழையான கடதாசியைத் தூக்கிப் பிடித்தார். "இதை அடிச்சது ஆர்?" அவருக்கு ஆர் என்று தெரியும். சேவியர், "நான் ஐயா" என்றான். "அப்ப கதைக்க என்ன இருக்கு?" என்றார்.

மற்றவர்கள் சப்பாத்தைப் பார்த்தோம்.

சேவியர் எழும்பவில்லை, குரலை உயர்த்தவில்லை. "ஒரு விஷயம் காட்டட்டுமா?" என்று கேட்டு, தன் கறுப்புக் கொப்பியை எடுத்தான். வருகிற ஒவ்வொரு போன் கோலையும் நேரத்தோடு எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்கு. நாங்கள் அதைப் பார்த்து "சேவியரின் வேதாகமம்" என்று பகிடி பண்ணுவோம். அன்றைய பக்கத்தை விரித்து மனேஜர் பக்கம் திருப்பி வைத்தான். "ரெண்டு பத்துக்குக் கோல். இதுதான் எனக்குச் சொன்ன நம்பர். திருப்பி வாசிச்சன். பக்கத்தில சரி அடையாளம் போட்டிருக்கு. நான் கேட்டதைத்தான் அடிச்சன். பெட்டி நம்பர் போட்ட யார்ட் ரசீது கைக்கு வருமுன்ன அடிச்சது என்ட பிழை. அவசரம் எண்டு நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யிறது, எண்டாலும் இந்தத் தடவை அடிச்சது நான், அத ஏத்துக்கொள்றன். மத்தது என்ட இல்ல."

மனேஜர் கொப்பியைப் பார்த்தார். "இது உன்ட கையெழுத்து. உனக்கு நீயே சாட்சியா?"

அப்போது சேவியர் என் பக்கம் திரும்பினான். நீ சுதனின் பக்கம் திரும்பியது போல. கோபமாக இல்லை. ஒரு பாட்டுக்கு ஒத்துப் பாடக் கூப்பிடுகிறவன் மாதிரி. "மச்சான், நான் திருப்பி வாசிச்சனான் தானே? பெட்டிக்கு முன்னால நிக்கிறியா எண்டும் கேட்டன் தானே?"

மகன், அந்த நேரத்தில் நான் நினைத்ததை எல்லாம் எழுதப் பார்த்து மூன்று முறை வெட்டிவிட்டேன். உன் அம்மா வயிற்றில் உன்னோடு களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள், வேலை போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன் என்று முதலில் எழுதினேன். வெட்டிவிட்டேன். அது பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் இருந்தது அந்தத் தேத்தண்ணிக் கடை மட்டும்தான். கதை சொல்லிக்கொண்டு இருந்தேன் என்று ஆறு பேருக்கு முன்னால் சொல்லவேண்டி வருமே என்ற வெட்கம். வேலை போகும் பயம்கூட இல்லை. வெறும் வெட்கம்.

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

வாய் நிறையக் கதை வைத்திருக்கிறவன் நான். பத்து வயதில் நடந்ததைப் போட்ட சேட்டின் நிறத்தோடு சொல்லுகிறவன். சேவியருக்கு அது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி மூடினான். "சரி ஐயா. நான் சொன்னத எழுதிக்கொள்ளுங்க. அவருக்கு ஞாபகமில்ல எண்டதையும் எழுதுங்க" என்றான். மனேஜர் ஒன்றையும் எழுதவில்லை. எச்சரிக்கைக் கடிதம் சேவியருக்குப் போனது. கந்தோரில் யாரும் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் எந்தக் கடதாசி பிழைத்தாலும் முதலில் அவன் மேசையைத்தான் பார்த்தார்கள். ஐந்து மாதத்தில் அவன் விட்டுப் போனான். போகும் நாளில் எல்லாருக்கும் கை தந்தான். எனக்கும் தந்தான். அடுத்த வருடம் நான் தலைமை வாஃப் கிளார்க். அதை நான் என் திறமை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவன் போன பிறகு யாரோ அந்த மீட்டிங்கைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போது பழி சேவியரின் கதிரையிலிருந்து எழும்பி என் கதிரைக்கு வந்துவிட்டது. நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. கதை அப்படித்தான் நன்றாக இருந்தது. அடுத்த தடவை மேசையில் ஒரு அடி சேர்ந்தது. அதற்கடுத்த தடவை கோப்பைகள். அவனிடம் வேலையைப் பறித்தது போதாதென்று, அவனுக்கு நடந்த அநியாயத்தையும் பறித்து நான் போட்டுக்கொண்டேன். அதுவும் அவன் நிதானமாக நின்ற நிற்பைக் கேவலமாக நினைத்து, அதற்கு மேல் என் சத்தத்தைப் பூசினேன். நீ அன்றைக்கு மீட்டிங்கில் செய்ததைச் சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தது சேவியரை. நான் இருபத்தெட்டு வருடம் பிழையாகப் படிப்பித்தும், நீ எங்கே போய் அவனைப் படித்தாய்?

திங்கட்கிழமை, மருந்து எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அழைப்புக் கார்டோடு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமான அழகான பேச்சு வைத்திருந்தேன். கதவைத் திறந்தது அவனே. தலை முழுக்க வெள்ளை, பனியன், கையில் மரக்கறி வெட்டுகிற கத்தி. என்னைப் பார்த்தான்.

"ஆ. வந்திட்டியா" என்றான், நேற்றுப் போனவனைப் போல. "உள்ள வா. கத்தியப் பாத்துப் பயப்படாத, போஞ்சி வெட்டுறன்."

இருந்தேன். அவனும் இருந்து போஞ்சி வெட்டினான். என் மூன்று பேச்சும் எங்கேயோ போய்விட்டன. "அண்டைக்கு நான் பெட்டிக்கு முன்னால நிக்கேல்ல. தேத்தண்ணிக் கடையில நிண்டனான்" என்றேன்.

"தெரியும்" என்றான். "பின்னால ஆக்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெட்டி எங்கயாவது சிரிக்குமா?"

"நீ அதை அங்க சொல்லியிருக்கலாம் தானே?"

"எனக்குத் தெரிஞ்சது சத்தம் மட்டும்தான். அத வச்சு நீ கடையில நிண்டாய் எண்டு சொல்ல ஏலுமா? தெரியாததச் சொன்னா என்ட கொப்பிக்கும் உன்ட கதைக்கும் என்ன வித்தியாசம்?" போஞ்சியின் நாரை இழுத்துக் கோப்பையின் ஓரத்தில் போட்டான். "தெரிஞ்சவன் நீ. உன்னட்டக் கேட்டன். அவ்வளவுதான்."

கார்டை நீட்டினேன். கையைத் துடைத்து வாங்கி, உன் பெயரையும் மருமகளாக வரப்போகிற பிள்ளையின் பெயரையும் வாசித்தான். "பெரியவனாகிட்டான், என்ன" என்றான். பிறகு கேட்டான்: "இந்த மீட்டிங் கதைய உன்ட வீட்டில எப்படிச் சொல்லி வச்சிருக்கிறாய்? நீ சொல்லாம இருந்திருக்க மாட்டாய்."

சொன்னேன். கோப்பைகள் துள்ளின இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வரச் சிரித்தான். "ஆறு கோப்பையா? அண்டைக்கு அந்த அறையில ஒருத்தனும் தேத்தண்ணி தரேல்லயேடா, பாவி." பிறகு சிரிப்பு நின்றது. கார்டை மடித்து என் கையில் திருப்பித் தந்தான்.

"நான் வாறன். ஆனா உன்ட மகனுக்கு முதல்ல நடந்ததச் சொல்லு. அங்க வந்து, உன்ட கதையில இல்லாத ஆளா, ஆரோ பழைய சினேகிதன் எண்டு இருந்து சாப்பிட்டுப் போக எனக்கு ஏலாது. அவன் எல்லாத்தையும் கேட்டிட்டு, அதுக்குப் பிறகும் வாங்க எண்டு சொன்னா வாறன். கார்ட அவனே கொண்டுவரட்டும்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பேன். படிக்கட்டு இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னான்: "மச்சான், இந்தத் தடவ டிஸ்கவுண்ட் போடாமக் கேட்டன்."

அதனால்தான் இந்தக் கடிதம், மகன். உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு மீட்டிங்கில் எப்படி இருக்கவேண்டும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதுவும் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து. எப்படிச் சோறு தின்னுகிறான் என்று கேட்டாய். தின்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு கதையும் அந்த ஒரு சொல்லைச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. அதை மறைக்க இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. நான் இப்படிக் கதை கட்டுகிறவனாகவே பிறந்தேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறீர்கள். பாதி அப்படித்தான். மற்றப் பாதி அன்றைக்குத் தொடங்கியது.

சுதனுக்குக் கார்ட் கொடு என்று நான் கேட்கமாட்டேன். அதைக் கேட்க என்னைவிடத் தகுதியில்லாத ஆள் வெள்ளவத்தையில் இல்லை, இதை வெட்டாமல் விடுகிறேன். அவன் செய்ததைச் சின்ன விஷயம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவன் ஒரு நாள் உன் கிருலப்பனை வீட்டுப் படியேறி வந்து, வாய் திறக்க முடியாமல் நின்றால், கதவைச் சாத்திவிடாதே. உள்ளே வரச் சொல்லு. போஞ்சியோ என்னவோ வெட்டிக்கொண்டிரு. அவன் சொல்லட்டும். எனக்கு அந்தப் படியேற இருபத்தெட்டு வருடம் எடுத்தது. இப்படிப்பட்டவர்களுக்கு அது நீளமான படி.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பு சேவியர் மடித்தது. பெயர் எழுதும் இடத்தில் நான் "திரு. சேவியர், அப்பாவின் பழைய சினேகிதர்" என்று எழுதி, கடைசி மூன்று சொல்லை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று வாசித்து முடித்த பிறகு நீயே முடிவு செய். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால், கார்டையும் என்னையும் என்ன செய்வதென்பதும் உன் முடிவுதான். நான் ஏற்றுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவாய் என்று அம்மா இடியப்பத்துக்கு மா வறுத்து வைத்திருக்கிறாள். நீ வந்து என்ன கேட்டாலும் கேள். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் அப்பா